மின்சார ஸ்கூட்டரா, பெட்ரோல் ஸ்கூட்டரா? கடைக்கு வண்டி வாங்கும் முன் ஒரு கணக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. டெலிவரிக்கு வண்டி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் உங்களிடம் இதே கேள்வியைக் கேட்பார்.

கரூரில் மளிகைக் கடை நடத்தும் என் மாணவர் ஒருவர் போன வாரம் பேசினார். கடையில் மூன்று பழைய ஸ்கூட்டர்கள், மூன்றுமே மாற்ற வேண்டிய நிலை. மூன்றுக்கும் பதிலாக மூன்று மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, மனைவியின் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். டீலர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்: ஒரு வண்டிக்கு ஐந்து வருடத்தில் ஒன்றரை லட்சம் மிச்சம். அவருடைய மைத்துனரோ, "பேட்டரி போச்சுன்னா வண்டியே போச்சு, பெட்ரோலே வாங்குங்க மாமா" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டார்.

இரண்டு பேருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பது என் கருத்து. அந்த வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் மின்சாரம் நல்லதா பெட்ரோல் நல்லதா என்று பேசுவது, மருந்துக் கடையில் போய் நோயைச் சொல்லாமல் மாத்திரை கேட்பது போல.

மாணவரிடம் முதலில் சொன்னது, ஒரு வாரத்துக்கு மூன்று வண்டியின் மீட்டரையும் காலையிலும் இரவிலும் எழுதி வையுங்கள் என்பதுதான். எழுதினார். ஒரு வண்டி வெளியூர் கிராமங்களுக்குப் போய் வருவது, நாளுக்கு 60 கிலோமீட்டர். மற்ற இரண்டும் ஊருக்குள்ளேயே சுற்றுபவை, தலா 15 கிலோமீட்டர். அவரோ ஊருக்குள் ஓடும் வண்டியும் முப்பது நாற்பது ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அடிக்கடி நின்று நின்று போகிற வண்டி அதிகம் ஓடுவது போலத் தோன்றும்.

முதலில் 60 கிலோமீட்டர் வண்டியைப் பார்ப்போம். வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் 18,000 கிலோமீட்டர். அரிசி மூட்டையோடு நின்று நின்று போகும் பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கிறது என்பது அவருடைய அனுபவம். ஆகவே 400 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 40,000 ரூபாய். ஆயில், பெல்ட், பிரேக், டயர் எல்லாம் சேர்த்து சர்வீஸுக்கு 8,000. மொத்தம் வருடத்துக்கு 48,000.

மின்சார வண்டி, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு 35 யூனிட் இழுக்கும் என்று எடுத்துக்கொண்டேன். வருடத்துக்கு 630 யூனிட். இங்கே ஒரு சங்கதி. மாணவர் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்றே! கடை வேலைக்கு ஓடும் வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் போடுவது முறையல்ல. போட்டாலும், இலவச 100 யூனிட் மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குமே போய்விடும், வண்டிக்கு மிஞ்சாது. அதனால் கடை இணைப்பின் விலையாக யூனிட்டுக்கு 10 ரூபாய் வைத்தேன். 6,300 ரூபாய். ஆயில் இல்லை, டயரும் பிரேக்கும் உண்டு, 4,000 ரூபாய். ஆக 10,300.

வருடத்துக்கு 37,700 ரூபாய் மிச்சம். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் பத்து பைசா என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். காப்பீடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன்.

பெட்ரோல் வண்டி ஆன் ரோடு ஒரு லட்சம், மின்சார வண்டி 1,35,000. டீலர் செய்தது இதுதான்: 37,700-ஐ ஐந்தால் பெருக்கினார், 1,88,500. அதில் அதிகப்படி விலையான 35,000-ஐக் கழித்தார். மிச்சம் 1,53,500. பெருக்கலிலும் கழித்தலிலும் தவறே இல்லை. ஆனால் ஐந்தாம் வருடம் வரப்போகிற ரூபாயையும் இன்று கையிலிருந்து போகிற ரூபாயையும் ஒரே ரூபாயாக எண்ணிவிட்டார்.

என்னிடம் வணிகவியல் படித்தவர்களுக்கு 'இன்றைய மதிப்பு' நினைவிருக்கும். மறந்தவர்களுக்கும், நம் உறவுப் பெண்களுக்கும், ஏலச்சீட்டை வைத்துச் சொல்கிறேன். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை மூன்றாம் மாதமே எடுப்பவர், முழு லட்சத்தையா எடுக்கிறார்? இருபது, இருபத்தைந்தாயிரம் தள்ளித்தான் எடுக்கிறார். கடைசி மாதம் வரும் பணத்தை இப்போதே வேண்டுமென்றால், அது இப்போது எவ்வளவு பெறும் என்பதை அந்தத் தள்ளு சொல்லிவிடுகிறது. இன்றைய மதிப்பும் இதேதான். வருங்காலத்தில் வரும் ஒவ்வொரு ரூபாயையும் தள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது? இந்த இடத்தில்தான் புத்தகங்கள் 8 என்றும் 10 என்றும் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். சொந்தத் தொழில் செய்பவருக்கு என் பதில் எளிது. எந்த வட்டிக்குப் பணம் வாங்குகிறீர்களோ, அதுதான் உங்கள் தள்ளு. நகை அடகுக்கு அவருக்குச் சொல்லப்பட்ட வட்டி வருடத்துக்கு 12 விழுக்காடு. ஆகவே 12. நூற்றுக்கு இரண்டு என்று மாத வட்டிக்கு வாங்கினால் 24. வைப்புநிதியிலிருந்து எடுத்துப் போட்டால், அங்கே கிடைத்துக்கொண்டிருந்த வட்டி.

12 விழுக்காட்டில், அடுத்த வருடம் வரும் நூறு ரூபாய் இன்று 89 ரூபாய். மூன்றாம் வருட முடிவில் வருவது 71. ஐந்தாம் வருட முடிவில் வருவது 57. ஐந்து வருடமும் ஒவ்வொரு ரூபாய் வந்தால், அத்தனையும் சேர்த்து இன்று 3 ரூபாய் 60 பைசா பெறும், ஐந்து ரூபாய் பெறாது. கணினி உள்ளவர்கள் எக்செலில் இப்படி அடித்துப் பாருங்கள்:

```
=PV(12%,5,-37700)
=PV(12%,3,0,-60000)
```

முதல் வரி வருடா வருடம் வரும் மிச்சத்துக்கு. 1,35,900 என்று காட்டும். அதிகப்படி விலை 35,000-ஐக் கழித்தால் 1,00,900. டீலரின் ஒன்றரை லட்சம், தள்ளிப் பார்த்த மாத்திரத்தில் ஒரு லட்சமாகிவிட்டது.

இரண்டாவது வரி மைத்துனருக்காக. பேட்டரி போகும் என்று அவர் சொல்வது பொய்யல்ல. வருடத்துக்கு 18,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி மூன்றே வருடத்தில் 54,000 கிலோமீட்டர் ஓடிவிடும். நான் கொஞ்சம் கடுமையாகவே எடுத்துக்கொண்டேன்: மூன்றாம் வருட முடிவில் 60,000 ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி. அது மூன்று வருடம் கழித்துத்தான் செலவாகப் போகிறது, ஆகவே இன்றைக்கு 42,700 ரூபாய். கழித்தால் மிச்சம் 58,200.

கடைசியாக விற்கும் விலை. ஐந்து வருடம் கழித்து பெட்ரோல் வண்டியை 25,000-க்கும் மின்சார வண்டியை 15,000-க்கும் விற்பதாக வைத்தோம். பத்தாயிரம் வித்தியாசம், இன்றைய மதிப்பில் 5,700. ஆக, முடிவில் நிற்பது 52,500 ரூபாய்.

டீலர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் லாபம். மைத்துனர் பயப்பட்டது நடந்தே தீரும் என்று வைத்துக்கொண்ட பிறகும் லாபம். 60 கிலோமீட்டர் வண்டிக்கு மின்சாரம்தான், இதில் எனக்குச் சந்தேகமில்லை. 24 விழுக்காடு வட்டி போட்டுப் பார்த்தேன். அப்போதும் முப்பதாயிரத்துக்கு மேல் நிற்கிறது. வட்டி கூடினால் வரும் மிச்சம் சுருங்குவது போலவே, பின்னால் வரும் பேட்டரிச் செலவும் சுருங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஊருக்குள் ஓடும் வண்டி. 15 கிலோமீட்டர், வருடத்துக்கு 4,500. பெட்ரோல் 100 லிட்டர், பத்தாயிரம் ரூபாய், சர்வீஸ் நாலாயிரம். மின்சார வண்டிக்கு மின்சாரமும் சர்வீஸும் சேர்த்து நாலாயிரம். வருடத்துக்குப் பத்தாயிரம் மிச்சம். டீலர் முறையில் பார்த்தால் ஐம்பதாயிரத்தில் 35,000 போக, 15,000 லாபம். நம் முறையில் பத்தாயிரம் ரூபாய் ஐந்து வருடத்துக்கு இன்று 36,000 ரூபாய்தான் பெறும். அதிகப்படி விலை போக மிஞ்சுவது ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தையும் விற்கும் விலை சாப்பிட்டுவிடுகிறது. 22,500 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 45,000 கேட்கலாம். அதே அளவு ஓடிய மின்சார வண்டியின் பேட்டரிக்கும் ஐந்து வயதாகியிருக்கும். பேட்டரி ஓடினால் மட்டும் தேய்வதில்லை, சும்மா நின்றாலும் வயதாகும். வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார். 25,000 கிடைத்தால் பெரிது. இருபதாயிரம் வித்தியாசம், இன்றைய மதிப்பில் 11,300. ஆக, பத்தாயிரம் ரூபாய் நஷ்டம்.

அதே கடை, அதே வண்டி, அதே டீலர். ஒன்றில் ஐம்பதாயிரம் லாபம், இன்னொன்றில் பத்தாயிரம் நஷ்டம். இப்படிப்பட்ட இரண்டு வண்டிகளுக்குத்தான் அவர் நகையை எடுத்துக்கொண்டு போக இருந்தார்.

எல்லை எங்கே என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 பைசா மிச்சம் என்று சொன்னேன் அல்லவா? அதை வைத்துப் பார்த்தால், ஐந்து வருடம் பேட்டரி மாற்ற வேண்டாம் என்றாலும் நாளுக்கு 20 கிலோமீட்டராவது ஓடினால்தான் மின்சார வண்டி தன் அதிகப்படி விலையைத் திருப்பித் தரும். மாத வட்டிக்காரரிடம் வாங்கினால் இந்த எல்லை 24 ஆகிறது. மூன்றாம் வருடமே பேட்டரி மாற்ற வேண்டியிருந்தால் 37 கிலோமீட்டர். ஆகவே நாளுக்கு 20-க்குக் கீழே ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல். 40-க்கு மேலே ஓடுகிற வண்டிக்கு மின்சாரம். நடுவில் இருப்பவர்களுக்குப் பேட்டரியின் உத்தரவாதத் தாள்தான் தீர்ப்புச் சொல்லும். என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஊர் ஆன் ரோடு விலையையும் உங்கள் வட்டியையும் போட்டுப் பாருங்கள். மானியமோ தள்ளுபடியோ கிடைத்து விலை வித்தியாசம் இருபதாயிரமாகக் குறைந்தால் எல்லை கீழே இறங்கிவிடும்.

மாணவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன். ஊருக்குள் ஓடும் இரண்டு வண்டியும் ஒரே நேரத்திலா ஓடுகின்றன? இல்லையாம். ஒன்று காலையில் டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் போகிறது, பதினொரு மணிக்கு முடிந்துவிடும். மற்றது மாலையில் வீடுகளுக்குப் போகிறது. பிறகு எதற்கு இரண்டு வண்டி? ஆளுக்கொரு வண்டி என்று பழகிப்போனதுதான் காரணம். இரண்டு சுற்றையும் ஒரே வண்டியில் போட்டால் நாளுக்கு 30 கிலோமீட்டர். எல்லைக்குள் வந்துவிட்டது. வருடத்துக்கு 19,000 மிச்சம். ஐந்து வருடத்தில் இன்றைய மதிப்பில் 22,000 ரூபாய் லாபம். அதோடு மூன்றாவது வண்டியே வேண்டாம். 4,05,000-க்கு வைக்க இருந்த அடகு 2,70,000-க்குப் போதும். மின்சாரமா பெட்ரோலா என்பதைவிட இந்த ஒரு கேள்வியில் மிச்சமான பணம் அதிகம்.

ஆனால் இந்த 30 கிலோமீட்டர் வண்டி நான் நடுவில் என்று சொன்ன இடத்தில் நிற்கிறது. மூன்றாம் வருடம் பேட்டரி போனால் 22,000 லாபம் 15,000 நஷ்டமாக மாறிவிடும். அதனால் உத்தரவாதத் தாளை வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். மூன்று இடங்களில் விரலை வைத்துப் படிக்க வேண்டும்.

முதலில், வருடம் கிலோமீட்டர் இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை என்றுதான் எழுதியிருப்பார்கள். ஐந்து வருடம் அல்லது 50,000 கிலோமீட்டர் என்றால், 30 கிலோமீட்டர் வண்டி ஐந்து வருடத்தில் 45,000 ஓடும், உத்தரவாதத்துக்குள்ளேயே இருக்கும். 60 கிலோமீட்டர் வண்டிக்கோ மூன்று வருடம் முடியும் முன்பே அது தீர்ந்துவிடும். ஒரே தாள், இரண்டு வண்டிக்கு இரண்டு அர்த்தம். ஐந்து வருட உத்தரவாதத்துக்கு ஆறேழாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் 30 கிலோமீட்டர் வண்டிக்குக் கொடுக்கலாம். லாபம் 15,000-க்குக் கீழே போகாது.

அடுத்தது, வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லுமா என்ற வரி. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருந்தால், மளிகைச் சாமான் ஏற்றிய வண்டிக்கு அந்தத் தாளால் பயனில்லை. டீலர் வாயால் "அதெல்லாம் பார்க்க மாட்டாங்க சார்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, பேட்டரி எந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்றித் தருவார்கள் என்பது. முழுக் கொள்ளளவில் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் என்று இருந்தால், அதுவரை தேய்ந்த பேட்டரியோடுதான் நீங்கள் ஓட்ட வேண்டும். மாணவர் சரக்கோடு ஓட்டிப் பார்த்ததில் முழு சார்ஜுக்கு 85 கிலோமீட்டர் வந்தது. கம்பெனி அட்டையில் அதைவிட நிறையவே போட்டிருந்தது, அதை விடுங்கள். 85-இல் 70 விழுக்காடு 60 கிலோமீட்டர். வெளியூர் போகும் வண்டி அந்த நிலைக்கு வந்தால் கடைக்குத் திரும்புகிற வழியில் நின்றுவிடும். அதற்கு முன்பே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சார்ஜ் போடும் பழக்கம் வர வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை, முழு சார்ஜில் ஆரம்பித்து 20 விழுக்காட்டுக்கு வரும்வரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். உத்தரவாதம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தெரிவது நல்லது. கரூர் வெயிலில் ஓடி வந்த வண்டியை வந்ததும் வராததுமாகச் சார்ஜில் மாட்டாமல் அரை மணி நேரம் நிழலில் ஆறவிடச் சொல்லி, ஓட்டுகிற பையன்களுக்கும் பழக்குங்கள். சூடான பேட்டரியைச் சார்ஜ் செய்தால் சீக்கிரம் தேயும்.

கணக்குப் போடும் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடன் தவணையில் உள்ள வட்டியைச் செலவாகச் சேர்த்துவிட்டு, அதே வட்டி வீதத்தில் தள்ளவும் செய்வார்கள். ஒரே வட்டியை இரண்டு முறை வசூலித்ததாகிவிடும். வண்டியின் முழு விலையை முதல் நாளே கொடுத்ததாக வைத்துக்கொண்டு 12 விழுக்காட்டில் தள்ளுங்கள், அதிலேயே வட்டி அடங்கிவிட்டது.

"பெட்ரோல் விலை ஏறாதா சார்?" என்று கேட்பீர்கள். ஏறலாம். ஏறினால் மின்சாரத்துக்குத்தான் சாதகம், 20 என்ற எல்லை இன்னும் இறங்கும். ஆனால் யாருக்கும் தெரியாத விலையை நம்பி நகையை அடகு வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைய விலையிலேயே தேறுகிற வண்டியை வாங்குவோம், ஏறினால் அது மேற்கொண்டு வருகிற வரவு.

என் கணக்கில் ஆட்டம் காண்கிற எண் ஒன்று உண்டென்றால் அது பழைய மின்சார வண்டியின் விற்பனை விலைதான். ஆகவே உங்களில் யாராவது மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிய மின்சார ஸ்கூட்டரை விற்றிருந்தால், எந்த வருடம் வாங்கியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பேட்டரி பழையதா புதியதா, என்ன விலைக்குப் போனது என்ற நான்கையும் கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். பத்துப் பேர் எழுதினால் 15,000, 25,000 என்று நான் போட்ட எண்களைத் திருத்தி, எல்லைக் கிலோமீட்டரை மறுபடியும் கணக்கிட்டுப் பதிவிடுகிறேன்.